கரப்டட் மெமரி கார்டுக்கு என்ன சொல்லலாம்? சிதைந்ததா, குலைந்ததா, பூட்டியதா

இன்பா:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஃபைல் மேனேஜர் ஆப்புக்குத் தமிழ் இடைமுகம் போட்டுட்டு இருக்கேன், 2 வரியில மாட்டிக்கிட்டேன். ஒண்ணு "Corrupted SD card", இன்னொண்ணு அதுக்குக் கீழ வர்ற "Tap to fix". முதல் வரிய மொழிபெயர்ப்புக் கருவில போட்டா "ஊழல் அட்டை"ன்னு வருது, அத அப்படியே விட முடியாது. சிதைந்த, பழுதான, சேதமடைந்த இந்த 3ல எது சரின்னு சொல்லுங்க. ரெண்டாவதுக்கு "சரிசெய்ய தட்டுக"ன்னு போட்டு வச்சிருக்கேன், அதுல பிரச்சனை இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

துரை:
தம்பி, "பழுதான நினைவட்டை" போதும், எளிமையா இருக்கு. இந்தச் செய்தி வந்தா கார்டு போச்சுன்னு அர்த்தம், ஃபார்மேட் பண்ணிப் பாக்கணும், வேலை செஞ்சா செய்யுது இல்லன்னா வேற வாங்கணும். எனக்கே 2 தடவ வந்திருக்கு, ரெண்டு தடவையும் ஃபார்மேட் போட்டதும் கார்டு நல்லா ஓடுச்சு. அதனால "சரிசெய்ய தட்டுக" பொருத்தமாத்தான் இருக்கு.

மலர்:
துரை ஐயா, ஃபார்மேட் போட்டதும் நல்லா ஓடுச்சுன்னா அது பழுதே இல்லன்னு தானே அர்த்தம்? பழுதுன்னு சொன்னா பொருள் கெட்டுப்போச்சுன்னு தான் படிக்கிறவங்க எடுத்துப்பாங்க. உங்களுக்கு கார்டு கெடல, கார்டுக்குள்ள எந்த ஃபைல் எங்க இருக்குன்னு எழுதி வச்சிருக்கிற பட்டியல் மட்டும் தான் குழம்பிப் போயிருந்துச்சு. எழுதிட்டு இருக்கும்போதே கார்ட உருவிட்டா, இல்ல பேட்டரி தீர்ந்து போன் அணைஞ்சா அப்படி ஆகும். படமெல்லாம் அதது இருந்த இடத்துல அப்படியே இருக்கும், போனுக்குத் தான் அதத் தேடத் தெரியாது. ஃபார்மேட் போட்டப்ப அந்தப் பட்டியல அழிச்சுப் புதுசா ஒண்ணு எழுதிக்கிச்சு, அதனால கார்டு ஓடுச்சு, பழைய படம் உங்க கைய விட்டுப் போச்சு. இன்பா, உங்க ரெண்டாவது வரி தான் எனக்கு முதல் வரிய விட பயமா இருக்கு. அந்த பொத்தானத் தட்டினா கடைசில வந்து நிக்கிறது அழிக்கிற எடத்துல தான். "சரிசெய்"னு தமிழ்ல படிச்சவங்க படம் திரும்பி வரும்னு நம்பித் தட்டுவாங்க.

கவிதா:
தலைப்புல மெமரி கார்டுன்னு பாத்ததும் கேக்குறேன், கலைச்சொல் பத்தி எனக்கு ரொம்பத் தெரியாது மன்னிச்சுக்கோங்க. என் பழைய போன்ல இடம் பத்தலன்னு 64 ஜிபி கார்டு போட்டு, ஆப்பையும் போட்டோவையும் அதுக்கு மாத்தி வச்சிருந்தேன், 2 வருஷமா நல்லா ஓடுச்சு. போன வாரம் போன் கீழ விழுந்து டச் வேலை செய்யல, படம் மட்டும் தெரியுது. புது போன் வாங்கி கார்ட அதுல போட்டா, இந்த கார்டு ஒத்து வராது, செட்டப் பண்ணணும்னு சொல்லுது. கம்ப்யூட்டர்ல போட்டா ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது. கார்டும் விழுந்ததுல கெட்டுப் போச்சா? என் பையன் பொறந்ததுல இருந்து எடுத்த படமெல்லாம் அதுல தான் இருக்கு.

மலர்:
கவிதா, எதையும் தட்டாதீங்க, செட்டப்பும் வேணாம் ஃபார்மேட்டும் வேணாம். ரெண்டு கேள்வி மட்டும். அன்னைக்கு கார்டு போட்டப்ப "Use as internal storage"ன்னு எடுத்தீங்களா, "portable storage"ன்னு எடுத்தீங்களா? பழைய போன யாராவது ரீசெட் பண்ணிட்டாங்களா?

கவிதா:
முதல்ல சொன்னது தான்னு நெனைக்கிறேன், அப்ப தான் ஆப்ப மாத்த முடியும்னு எங்கயோ படிச்சேன். ரீசெட் பண்ணல. ரிப்பேர் கடைல டச் மாத்தணும்னா ரீசெட் போடணும்னு சொன்னாங்க, நாளைக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்.

மலர்:
நல்ல வேளை இன்னைக்கே கேட்டீங்க. உங்க கார்டு கெடவே இல்லன்னு தான் தோணுது, பூட்டி இருக்கு. ஆண்ட்ராய்டு 6ல இருந்து, அதாவது 2015ல இருந்து, கார்ட உள் மெமரி மாதிரி ஆக்குற வசதி வந்துச்சு. அத எடுத்தா போன் கார்ட முழுசா அழிச்சு, தனக்கு மட்டும் தெரிஞ்ச சாவி போட்டு மறையாக்கம் பண்ணிடும். அந்தச் சாவி கார்டுல இருக்காது, பழைய போனோட சொந்த மெமரில தான் இருக்கு. அதனால புது போனும் கம்ப்யூட்டரும் அந்த கார்டப் பாத்தா வெறும் குப்ப மாதிரி தான் தெரியும். பழைய போன ரீசெட் பண்ணினா சாவி அழிஞ்சிடும், அதுக்கப்புறம் எந்த மென்பொருளாலயும் அந்தப் படத்த எடுக்க முடியாது, கடைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் தான்.

கண்ணால பாத்து உறுதி பண்ணணும்னா, லினக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிற யார் கிட்டயாவது கார்ட ரீடர்ல போட்டு இத அடிக்கச் சொல்லுங்க, இது வெறும் பாக்குற கட்டள, எதையும் எழுதாது:

```
lsblk -o NAME,SIZE,PARTLABEL
```

16 எம்பிக்கு `android_meta`ன்னு சின்னதா ஒண்ணும், மீதி இடம் முழுக்க `android_expand`ன்னு ஒண்ணும் வந்தா அது பூட்டின கார்டு தான்.

எடுக்குற வழி இது. கார்டப் பழைய போன்லயே திரும்பப் போடுங்க. திரை தெரியுது டச் மட்டும் இல்லங்கிறதால, அந்த போன் ஓடிஜி எடுத்துக்கும்னா, ஓடிஜி கேபிள்ல ஒரு சின்ன யூஎஸ்பி ஹப்பப் போட்டு அதுல மவுஸும் ஒரு பென் டிரைவும் மாட்டுங்க. மவுஸ் அம்பு திரைல வரும், அத வச்சே பின் நம்பர் போட்டுத் திறங்க, ஃபைல்ஸ் ஆப்புக்குப் போய் டிசிஐஎம் ஃபோல்டரப் பென் டிரைவுக்கு காப்பி பண்ணுங்க. மூவ் பண்ணாதீங்க, காப்பி மட்டும். காப்பி பண்ணினதக் கம்ப்யூட்டர்ல திறந்து, முதல்ல நடுவுல கடைசில கொஞ்சம் படம் பாத்துட்டு அப்புறம் தான் போன் கடைக்குப் போகணும்.

துரை:
இவ்ளோ சுத்தி வளைக்கணுமா? கார்டுல ஆண்ட்ராய்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும்ல, அத அப்படியே புது போன் கார்டுல காப்பி பண்ணா ஆப்பும் வந்துடும், நான் பல தடவ பண்ணிருக்கேன்.

மலர்:
ஐயா, நீங்க சொல்றது போர்ட்டபிளா வச்ச கார்டுக்கு, அதுல ஃபோல்டர் வெளில தெரியும். அதுலயும் அந்த ஃபோல்டர்ல இருக்கிறது ஆப் சேத்து வச்ச ஃபைல் மட்டும் தான், ஆப் இல்ல. காப்பி பண்ணின பிறகு ஆப் வந்துச்சுன்னா அது நீங்க புது போன்ல திரும்ப இன்ஸ்டால் பண்ணதால. கவிதா கார்டுல அந்த ஃபோல்டரே வெளில தெரியாது.

இன்பா:
ஒரு நிமிஷம், அப்ப ஒரே சொல்லுக்குள்ள 2 விஷயம் கலந்து கிடக்கு. துரை ஐயா கார்டுல பட்டியல் குலைஞ்சு போச்சு, கவிதா கார்டு பூட்டி இருக்கு. ரெண்டுக்கும் "சிதைந்த"ன்னு போட்டா ரெண்டு பேருமே தப்பான முடிவெடுப்பாங்க.

மலர்:
அதே தான். சுத்தமான ஆண்ட்ராய்டுல பூட்டின கார்டுக்கு வர்ற செய்தி "Unsupported", பட்டியல் குலைஞ்சதுக்கு வர்றது "Corrupted". பின்னாடி வந்த பதிப்புல ரெண்டாவத "Issue with SD card"ன்னு மாத்தினாங்க, போன் கம்பெனிங்க தங்களுக்குத் தோணுன மாதிரியும் மாத்துறாங்க. என் முன்மொழிவு: பட்டியல் குலைஞ்ச கார்டுக்கு "குலைந்த அட்டை". குலைதல்னா அடுக்கு கலைஞ்சது, பொருள் அழிஞ்சதில்ல. கோலம் குலைஞ்சுதுன்னு சொல்றப்ப மாவு காணாமப் போகலயே. உள் மெமரியா ஆக்குனதுக்கு "தத்தெடுத்த அட்டை", ஆங்கிலத்துலயும் அடாப்டபிள்னு தான் சொல்றாங்க, வேற போன்ல போட்டா அது "வேறு கருவியின் அட்டை".

துரை:
"தத்தெடுத்த" நல்லா இருக்கு, ஒத்துக்குறேன். "குலைந்த" எனக்கு ஒட்டல. "சிதைந்த" ஏற்கனவே எல்லா எடத்துலயும் புழக்கத்துல இருக்கு, நீங்க புதுசா ஒண்ணு போட்டா படிக்கிறவன் முழிப்பான்.

மலர்:
புழக்கத்துல இருக்கு, உண்மை தான். ஆனா "சிதைந்த"ன்னு படிச்சதும் ஆள் மனசு விட்டுடுறாங்க, உடனே ஃபார்மேட் போடுறாங்க. பட்டியல் குலைஞ்ச கார்டுல பெரும்பாலும் நிறைய மீட்கலாம். நான் பண்றது இது: கார்ட அடாப்டர்ல போட்டு, அதோட பக்கத்துல இருக்கிற பூட்டுத் தாழ இறக்கிடுவேன், ரீடர்ல மாட்டி முதல்ல முழு கார்டையும் ஒரு நகலா இறக்குவேன், அப்புறம் நகல்ல மட்டும் தேடுவேன்.

```
sudo ddrescue -d /dev/sdX card.img card.map
photorec card.img
```

`sdX` எதுன்னு `lsblk`ல அளவப் பாத்து உறுதி பண்ணிக்கணும், 64 ஜிபி கார்டுன்னா கம்ப்யூட்டர்ல அவ்ளோ காலி இடம் வேணும், மீட்ட படத்துக்கு இன்னும் வேணும். மீண்டு வர்ற படத்துக்குப் பழைய பேரு இருக்காது, `f0123456.jpg` மாதிரி தான் வரும், ஆனா படத்துக்குள்ளயே எடுத்த தேதி இருக்கிறதால வரிசைப்படுத்திக்கலாம். கம்ப்யூட்டர்ல "செக் டிஸ்க்" ஓட்டுறத நகல் எடுக்குறதுக்கு முன்ன செய்யாதீங்க, அது கார்டுலயே எழுதும். ரீடர்ல போட்டா அளவே காட்டல, இல்ல 0ன்னு காட்டுதுன்னா அது உண்மையாவே பழுது, அதுக்கு "பழுதான அட்டை"ன்னு துரை ஐயா சொன்னதையே வச்சுக்கலாம், அதுக்கு மேல வீட்டுல ஒண்ணும் பண்ண முடியாது.

கவிதா:
மலர் அக்கா, மவுஸ் மாட்டினதும் அம்பு வந்துடுச்சு! பின் போட்டேன், திறந்துடுச்சு, படமெல்லாம் தெரியுது. இப்ப காப்பி ஓடிட்டு இருக்கு, 31 ஜிபி. ஒரு சந்தேகம், இது முடிஞ்சதும் அதே கார்ட புது போன்ல போடலாமா? அதுல கேட்டா என்ன எடுக்கணும்?

மலர்:
ரொம்ப சந்தோஷம் கவிதா. காப்பி முடிஞ்சு நீங்க பாத்த பிறகு போடலாம், அப்ப அழிக்கத் தான் செய்யும். புது போன்ல இடம் போதும்னா போர்ட்டபிள்னு எடுங்க, கேமரா ஆப்போட செட்டிங்ல சேமிக்கிற இடம்னு இருக்கும், அதுல கார்டுன்னு மாத்திடுங்க, படம் நேரா அங்க போகும், எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்கும். ஆப்ப கார்டுக்கு மாத்துறது மட்டும் பல போன்ல அப்ப முடியாது. கார்டும் 2 வருஷம் ஆப் ஓட்டின கார்டு, அதுல ஓயாம எழுதிட்டே இருந்திருக்கும், அத நம்பி ஒரே பிரதி வைக்காதீங்க.

இன்பா:
நான் இப்போதைக்கு இப்படிப் போட்டிருக்கேன்: "குலைந்த அட்டை: கோப்புகளைப் படிக்க முடியவில்லை". பொத்தான்ல "சரிசெய்" எடுத்துட்டு "அழித்து மீண்டும் அமை". பூட்டினதுக்கு "வேறு கருவியின் அட்டை: பழைய கருவியில் போட்டுத் திறக்கவும்". இதுல ஒரு சிக்கல், இந்த ஆப்புக்குக் கார்டு குலைஞ்சதா பூட்டினதான்னு எப்பவும் தெரியுமான்னு நிரலாளர் கிட்ட கேக்கணும், தெரியலன்னா ரெண்டுக்கும் சேத்து "திறக்க முடியாத அட்டை"ன்னு தான் போட முடியும்.

துரை:
பொத்தான மாத்தினது சரி தம்பி, அது முன்னாடியே இருந்திருந்தா என் 2 கார்டுப் படமும் தப்பிச்சிருக்கும். "திறக்க முடியாத" எனக்கு "குலைந்த"வ விடப் பிடிச்சிருக்கு. "குலைந்த" பத்தி மத்தவங்களும் சொல்லட்டும், நான் இன்னும் "சிதைந்த" பக்கம் தான்.