"பெரிய அளவை" என்பதற்கு மாற்றுச் சொல்: வரைபடப் பயிற்சித்தாள் குறித்து

பயிற்சித்தாளைத் தயாரித்த ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். ஏழாம் வகுப்புக்காகத் திசை, அளவை, குறியீடு ஆகியவை பற்றி ஒரு பயிற்சித்தாள் தயாரித்தேன். அதில் ஒரே இடத்தைக் காட்டும் இரண்டு வரைபடங்களைக் கொடுத்து, 1:50,000, 1:2,50,000 ஆகிய இரண்டில் எது பெரிய அளவைப் படம் என்று கேட்டிருந்தேன். பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். எண்ணும் பெரிது, படத்தில் அடங்கும் நிலமும் பெரிது, பிறகு எப்படி அது சிறிய அளவை ஆகும் என்று ஒரு மாணவி கேட்டபோது, தவறு அவளிடம் இல்லை, சொல்லில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வரைபடம் நிலத்தைச் சுருக்கிக் காட்டுவதால் முதலாவதைக் "குறைசுருக்கப் படம்" என்றும் இரண்டாவதை "மிகுசுருக்கப் படம்" என்றும் சொல்லலாமா?

கணித ஆசிரியர் ஒருவர்:

அம்மா, சுருக்கம் என்றாலே மாணவர்கள் கட்டுரைச் சுருக்கத்தைத்தான் நினைப்பார்கள். முதலாவதில் விவரம் அதிகம் இருப்பதால் அதை "விவரப் படம்" என்றும், மற்றதைப் "பொதுப் படம்" என்றும் சொல்லிவிட்டால் எண்ணைப் பற்றிய குழப்பமே எழாது.

நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

ஐயா சொல்வது வழக்கமாகப் பொருந்தும், ஆனால் இலக்கணமாக நிற்காது. 1:2,50,000 படத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கி அச்சிட்டால் அதன் அளவை 1:50,000 ஆகிவிடும். ஆனால் முன்பு வரையப்படாத ஒரு கிணறுகூடப் புதிதாக அதில் தோன்றாது. ஆகவே விவரத்தை வைத்து அளவைக்குப் பெயரிட முடியாது. மறுபுறம், "பெரிய அளவை" என்பதும் பிழையான சொல் அன்று. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கைவிடப் பெரியது. மாணவர்கள் பின்னத்தைப் பார்க்காமல் அதன் கீழ் எண்ணான பகுதியை மட்டும் பார்க்கிறார்கள். பெயரில்லாமல் கிடப்பது அந்தப் பகுதிதான் என்பதால், அதற்குச் "சுருக்கெண்" என்று பெயர் வைக்கலாம். சுருக்கெண் கூடினால் படம் மேலும் சுருங்கும், அளவை சிறியதாகும். பள்ளிக்கும் பாலத்துக்கும் இடையே முதல் படத்தில் 6 செ.மீ. இருந்தால், அதைச் சுருக்கெண்ணால் பெருக்க 3,00,000 செ.மீ., அதாவது 3 கி.மீ. கிடைக்கும். அதே தொலைவு இரண்டாவது படத்தில் 1.2 செ.மீ. மட்டுமே.

வேறொரு பள்ளியின் ஆசிரியர்:

விடை ஏன் தவறாக வருகிறது என்பதுதான் கேள்வி என்றால், எனக்கும் அப்படி நேர்ந்தது. செலவைக் குறைக்க, ஏ4 தாளில் இருந்த பயிற்சித்தாளை ஏ5 ஆகச் சுருக்கி நகலெடுத்தோம். 3 கி.மீ. என்று வரவேண்டிய இதே தொலைவை வகுப்பு முழுவதும் ஒரே மாதிரியாக 2.1 கி.மீ. என்று எழுதியது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்றே நினைத்துக்கொண்டேன். வீதி 1 மி.மீ. அகலம், ஆகவே 50 மீட்டர் என்றும் சிலர் எழுதியிருந்தார்கள்.

ஓய்வு பெற்றவர்:

கேட்கப்பட்டது அதுவன்று என்றாலும், சொல்லைச் சோதிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஏ4 ஏ5 ஆகும்போது நீளங்கள் சுமார் 0.71 மடங்காகின்றன. 6 செ.மீ. 4.2 ஆயிற்று, மாணவர்கள் சரியாகவே அளந்தார்கள். சுருக்கெண் ஏறத்தாழ 70,700 ஆகிவிட்டது, தாளில் மட்டும் 50,000 என்றே நின்றது. படத்தோடு, கிலோமீட்டர்களைக் கோடாக வரைந்து காட்டும் கோட்டு அளவையையும் அச்சிட்டிருந்தால் அதுவும் சேர்ந்து சுருங்கி, 3 கி.மீ. என்ற விடையையே தந்திருக்கும். திசை வினாக்களுக்குப் பாதிப்பில்லை, ஏனெனில் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சுருங்கும்போது கோணங்கள் மாறுவதில்லை. வீதியின் கதை வேறு. அது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத் தடிப்பாக வரையப்பட்ட குறியீடு. அதன் அகலத்தைச் சுருக்கெண்ணால் பெருக்கக் கூடாது. குறியீட்டின் அகலத்தை அளக்கச் சொல்லும் வினா இருந்தால் நீக்கிவிடுங்கள்.

தமிழாசிரியர் ஒருவர்:

சுருக்கு என்றால் கயிற்றின் சுருக்கும் நினைவுக்கு வரும். "சுருக்க எண்" என்று பிரித்தே எழுதினால் பொருள் தெளிவாக இருக்கும், நாவுக்கும் இடறாது.

ஆசிரியை:

ஐயா, "சுருக்க எண்" என்பதை ஏற்கிறேன். வினாவை, "இரு படங்களின் சுருக்க எண்களை எழுதுக, எந்தப் படத்தில் நிலம் குறைவாகச் சுருக்கப்பட்டுள்ளது?" என்று மாற்றி, கோட்டு அளவையையும் சேர்க்கிறேன். ஆனால் அடுத்த வரியிலேயே "ஆகவே அது பெரிய அளவைப் படம்" என்று சொல்லிக்கொடுப்பதா, அல்லது மேல் வகுப்புக்கு விட்டுவிடுவதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. மேல் வகுப்புப் பாடங்களில் பழைய சொல்தான் வரும் என்பதால், "குறைசுருக்கம்" என்ற என் முதல் சொல்லைக் கைவிடவும் தயக்கமாக இருக்கிறது, வைத்துக்கொள்ளவும் தயக்கமாக இருக்கிறது.