எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ரேடியோ விளம்பரம் 43 விநாடி போகிறது, எதை வெட்டுவது?

கொங்குக்கடை:
திருச்செங்கோட்டில் அப்பாவின் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கடை. ஆடி எக்ஸ்சேஞ்சுக்கு எஃப்.எம்மில் 30 விநாடி எடுத்திருக்கிறோம். ஸ்கிரிப்டில் ஐந்து பொருள்களின் பெயர், 3,000 ரூபாய் வரை கழிவு, தவணை வசதி, இலவச டெலிவரி, முகவரி, இரண்டு போன் எண் எல்லாம் உண்டு. மொத்தம் 72 சொல். வாசித்தால் 43 விநாடி.

சவுண்டுபெட்டி:
30 விநாடிக்கு 75 சொல் தாராளமாகப் போகும். ஸ்டூடியோவில் வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

மைக்முன்னால்:
75 என்பது ஆங்கிலக் கணக்கு. "எடுத்துக்கொள்கிறார்கள்" நமக்கு ஒரே சொல், வாயில் எவ்வளவு நேரம் போகிறது பாருங்கள். தமிழில் 45 சொல்லுக்குள் நிறுத்துங்கள். வேகத்தைக் கூட்டுவது கடைசி நிபந்தனை வரிக்குச் சரி, விலைக்கு ஆகாது. எஃப்.எம்மில் பெரும்பாலும் 10 விநாடிக் கணக்கில்தான் பணம். 31 ஆனாலும் 40க்குக் கேட்பார்கள். போன் எண்களை முதலில் தூக்குங்கள். ஒரு எண்ணே ஐந்து விநாடி தின்னும், வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர் எங்கே குறித்துக்கொள்வார்?

பவானிக்காரி:
எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடியே ஒரு வருஷம் ஆச்சு. அதை எடுப்பீர்களா? வண்டியில் ஏற்றிக் கொண்டுவர ஆளும் இல்லை.

மைக்முன்னால்:
கேட்டது வேறு என்றாலும், விளம்பரத்தைக் கேட்பவருக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். ஃபிரிட்ஜை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்லுங்கள். மற்ற நான்கும் கடைக்கு வந்தபின் தெரியட்டும்.

> (பழைய ஃபிரிட்ஜ் உறுமி நிற்கும் சத்தம்)
> பெண்: என்னங்க, ஃபிரிட்ஜ் மறுபடியும் நின்னுபோச்சு!
> ஆண்: நிக்கட்டும். ஓடாததையும் எடுத்துக்கிறாங்களாம்.
> பெண்: யாரு?
> அறிவிப்பாளர்: (கடைப் பெயர்)! பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்துப் புதுசு வாங்கினால் மூவாயிரம் ரூபாய் வரை கழிவு. பழசை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வோம். ஆடிப் பெருக்கு வரை மட்டும். (கடைப் பெயர்), பஸ் ஸ்டாண்ட் எதிரில், திருச்செங்கோடு. நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

கடைப் பெயர் இரண்டு முறை வருகிறது, அதில் கைவைக்காதீர்கள்.

கொங்குக்கடை:
வாசித்துப் பார்த்தேன், சத்தத்தோடு சேர்த்து 29. ஆனால் ஓடாததற்கு அப்பா 500தான் தருவார்.

மைக்முன்னால்:
அப்படியென்றால் சிக்கல். "ஓடாததையும்" என்று கேட்ட காதோடு "மூவாயிரம்" என்றும் கேட்டவர், கல்லாவில் சண்டைக்கு நிற்பார். "ஓடாததற்கு ஐந்நூறு, ஓடுவதற்கு மூவாயிரம் வரை" என்று போடுங்கள். இடம் போதாவிட்டால் "யாரு?" போகட்டும், பஸ் ஸ்டாண்ட் இருக்கட்டும்.

சவுண்டுபெட்டி:
500 என்று ரேடியோவில் சொன்னால் யார் வருவார்? "வரை" என்ற சொல்லே போதும்.

பவானிக்காரி:
நான் வருவேன். இப்போது பழைய இரும்புக்காரர் 300க்குத்தான் கேட்கிறார்.

கொங்குக்கடை:
அப்பா 500ஐச் சொல்ல இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. போன் எண்ணையும் விடமாட்டேன் என்கிறார். இரண்டு விதமாகவும் பதிவு செய்து அவரையே கேட்க வைக்கிறேன்.