மூன்றாக மடிக்கும் தாளில் முகங்களின் வரிசைக்கு என்ன சொல்வது?

மங்கை:

அனைவருக்கும் வணக்கம். பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் உதவிக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். ஒரே தாளை இரண்டு இடங்களில் மடித்து மூன்று பட்டைகளாக்கும் விளக்கத்தாளைப் பற்றி அதில் ஓர் இயல் வருகிறது. இரு புறமும் சேர்த்தால் ஆறு பட்டைகள். மடித்த பிறகு வாசிப்பவருக்குச் செய்தி சரியாகத் தொடர வேண்டுமானால், விரித்த தாளில் எந்தப் பட்டையை எங்கே வைக்க வேண்டும் என்பதே அந்த இயலின் பொருள். அந்த அமைவுக்கு ‘மடிப்பு வரிசை’ என்று எழுதியிருக்கிறேன். பட்டையைப் ‘பக்கம்’ என்று எழுதினால் தாளின் இரு புறங்களையும் அதே சொல்லால் குறிக்க நேர்ந்து குழப்பம் வருகிறது. ஆகவே ‘முகம்’ என்று மாற்றினேன். இவ்விரு சொற்களும் பொருந்துமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

சிவகுரு:

மங்கை அவர்களுக்கு, ‘மடிப்பு வரிசை’ தெளிவாகவே இருக்கிறது. வரிசையும் எளிதுதான். முகப்பு 1, உட்புறத்தில் இடமிருந்து வலமாக 2, 3, 4, உள்ளே மடங்கும் பட்டையின் வெளிப்புறம் 5, பின்னட்டை 6. வெளிப்புறத் தாளை விரித்து வைத்தால் 5, 6, 1 என்று வரும், உட்புறம் 2, 3, 4 என்று வரும். ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ., அதை மூன்றாகப் பகுத்தால் ஒவ்வொரு முகத்துக்கும் 99 மி.மீ. கிடைக்கும். இந்த அளவையும் வரிசையையும் ஒரு படத்தில் காட்டிவிட்டால் சொல்லைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வேதநாயகம்:

சிவகுரு தம்பி சொன்னதில் வெளிப்புற இடங்கள் சரி. விரித்த தாளின் வெளிப்புறத்தில் இடது ஓரத்தில் உள்ளே மடங்கும் பட்டை, நடுவில் பின்னட்டை, வலது ஓரத்தில் முகப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ணிட்ட முறையும் அளவும் வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். சொல்லைத் தீர்மானிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

தாளின் உட்புறம் மேலே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலது பட்டையை நடுப்பட்டையின் மேல் மடிக்கிறோம், அதன் மேல் இடது பட்டையை மடிக்கிறோம். இப்போது மேலே தெரிவது முகப்பு. வாசகர் முகப்பைத் திறந்தவுடன் அவர் கண்ணில் படுவது உட்புறத்தின் மூன்று முகங்கள் அல்ல. இடப்பக்கம் உட்புறத்தின் முதல் முகமும், வலப்பக்கம் இன்னும் மடங்கியே கிடக்கும் பட்டையின் வெளிப்புறமும்தான் அருகருகே தெரியும். அந்தப் பட்டையையும் வலப்பக்கமாக விரித்த பிறகே உட்புறத்தின் நடுமுகமும் வலமுகமும் வெளிப்படும். ஆகவே வாசிப்பவர் காணும் வரிசையில் உள்ளே மடங்கும் பட்டைக்கு 3 என்ற எண்ணே உரியது. வெளிப்புறத் தாள் 3, 6, 1 என்றும் உட்புறத் தாள் 2, 4, 5 என்றும் அமையும்.

இதனால் என்ன கெடுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தீயணைப்பான் பயன்பாட்டு விளக்கத்தாள் ஒன்று. உட்புறத்தின் மூன்று முகங்களில் செயல்முறையை எழுதியிருக்கிறார்கள். முதல் முகத்தில் பாதுகாப்பு ஊசியைப் பிடுங்குவது, நடுமுகத்தில் குழாய் முனையைத் தீயின் அடிப்பாகத்தை நோக்கிப் பிடிப்பது, வலமுகத்தில் பிடியை அழுத்திக்கொண்டே இடமும் வலமுமாக வீசுவது. உள்ளே மடங்கும் பட்டையில் மீதமிருந்த இடத்துக்காக, பயன்படுத்திய உருளையை மறுபடி நிரப்ப அனுப்ப வேண்டும் என்ற குறிப்பைப் போட்டிருக்கிறார்கள். திரையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மடித்துக் கையில் கொடுத்தால், முகப்பைத் திறந்தவர் ஊசியைப் பிடுங்கச் சொல்லும் முகத்தை அடுத்து உருளையை நிரப்ப அனுப்பச் சொல்லும் முகத்தைப் படிப்பார். இரண்டாம் படி அவர் கண்ணுக்கு இன்னும் வரவே இல்லை.

இதைச் சரிசெய்ய முகங்களை இடம் மாற்றினால் மட்டும் போதாது. உட்புறத்தின் முதல் முகத்துக்கு இரண்டு அண்டை முகங்கள் உண்டு என்பதை எழுதுபவர் உணர வேண்டும். முதலில் உள்ளே மடங்கும் பட்டை அதன் அருகில் இருக்கும், விரித்த பிறகு நடுமுகம் அருகில் வரும். எனவே அந்த முகத்தில் தொடங்கிய வாக்கியமோ படிவரிசையோ அந்த முகத்திலேயே முடிய வேண்டும். மேற்சொன்ன தாளில் முதல் முகத்தில் எவ்வகைத் தீக்கு எவ்வகைத் தீயணைப்பான் என்பதையும், உள்ளே மடங்கும் பட்டையில் எந்த நிலையில் அணைக்க முயலாமல் வெளியேற வேண்டும் என்பதையும் வைக்கலாம். செயல்முறை முழுவதையும் நடுமுகத்திலும் வலமுகத்திலும் அடக்கினால், அவை எப்போதும் சேர்ந்தே தெரிவதால் தொடர்ச்சி அறுபடாது. உருளையை நிரப்ப அனுப்பும் குறிப்பு பின்னட்டைக்குப் போகட்டும்.

அளவைப் பொறுத்தவரை, உள்ளே போகும் பட்டை மற்ற இரண்டையும்விட 2 அல்லது 3 மி.மீ. குறுகலாக இருக்க வேண்டும். ஏ4 தாளுக்கு 100, 100, 97 என்று பகுப்பது வழக்கம். மூன்றும் 99 என்று வைத்தால் உள்ளே போகும் பட்டையின் விளிம்பு எதிர்மடிப்பில் முட்டி வளையும், மடித்த தாள் தட்டையாகப் படியாமல் உப்பி நிற்கும். தாள் தடிமனாக ஆக இது கூடுதலாகத் தெரியும். மறக்கக்கூடாத ஒன்று, இந்த 97 இரு புறங்களிலும் ஒரே ஓரத்தில் வராது. வெளிப்புறத்தில் இடது ஓரத்திலும் உட்புறத்தில் வலது ஓரத்திலும் வரும். அதாவது மடிப்புக் கோடுகள் வெளிப்புறத்தில் இடமிருந்து 97, 197 மி.மீ. தொலைவிலும், உட்புறத்தில் 100, 200 மி.மீ. தொலைவிலும் விழும். ஒரு புறத்துக்குப் போட்ட வழிகாட்டிக் கோடுகளை மறுபுறத்துக்கு அப்படியே படியெடுத்தால், ஒரு முகத்தின் பின்வண்ணம் 3 மி.மீ. நகர்ந்து மடிப்பைத் தாண்டி அடுத்த முகத்தில் ஒரு கீற்றாகத் தெரியும். மடித்த தாளில் அப்படியொரு வண்ணக் கீற்றைக் கண்டால் முதலில் இந்தக் கோடுகளைத்தான் சோதிக்க வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். அச்சகத்தில் ‘மடிப்பு வரிசை’ என்றால், எந்த மடிப்பை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்ற பொருளையே நாங்கள் எடுத்துக்கொள்வோம். இங்கே வலது மடிப்பு முதலாவது, இடது மடிப்பு இரண்டாவது. முகங்களின் அமைவுக்கும் அதே சொல்லை வைத்தால் மடிப்பவரும் வடிவமைப்பவரும் வெவ்வேறு பொருளில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நசீர்:

ஐயா, எனக்கும் இதே சிக்கல்தான் வந்தது. எங்கள் சங்கத்தின் விளக்கத்தாளை இருபுற அச்சாக எடுத்தபோது உட்புறம் முழுவதும் தலைகீழாக வந்தது. முகங்களின் வரிசையை எத்தனை முறை மாற்றிப் பார்த்தும் நேராகவில்லை. எந்த முகத்தை எங்கே மாற்ற வேண்டும்?

வேதநாயகம்:

நசீர், உங்கள் தாளில் முகங்களின் வரிசையில் தவறு இருக்க வேண்டியதில்லை. அது அச்சுப்பொறி தாளைத் திருப்பும் முறையைச் சார்ந்தது. கிடைமட்டத் தாளைப் புத்தக ஏட்டைப் புரட்டுவதுபோல் இடவலமாகத் திருப்ப வேண்டும். ஆகவே இருபுற அச்சு அமைப்பில் குறுகிய விளிம்பில் திருப்பும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட விளிம்பில் திருப்பினால் உட்புறம் தலைகீழாகத்தான் வரும். வரிசையை ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்பதால், பழைய கோப்பையே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் நேராக நின்று முகங்கள் மட்டும் இடம் மாறியிருந்தால்தான் வரிசையைச் சந்தேகிக்க வேண்டும்.

கமலா:

வேதநாயகம் ஐயா விளக்கியதிலிருந்து, நமக்கு ஒரு சொல் போதாது என்று தோன்றுகிறது. விரித்த தாளில் முகங்கள் கிடக்கும் வரிசை ஒன்று, வாசிப்பவர் கண்ணுக்கு அவை வரும் வரிசை மற்றொன்று, மடிப்புகள் விழும் வரிசை மூன்றாவது. முதலாவதற்குத் ‘தாள்வரிசை’ என்றும் இரண்டாவதற்கு ‘வாசிப்பு வரிசை’ என்றும் வைத்து, ‘மடிப்பு வரிசை’யை அச்சகத்தார் வழங்கும் பொருளிலேயே விட்டுவிடலாம்.

உள்ளே மடங்கும் பட்டைக்குத் தனிப் பெயர் இல்லாததால்தான் ஐயாவும் ஒவ்வொரு முறையும் மூன்று சொற்களில் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதை ‘உள்மடல்’ எனலாம். காதுமடல், தாழைமடல் என்று ஒரு புறம் ஒட்டியிருந்து மறுபுறம் விரியும் உறுப்புக்கு மடல் என்பது வழங்கிவரும் சொல்தான். இந்தப் பட்டையும் ஒரு விளிம்பில் மட்டுமே ஒட்டியிருந்து திறக்கிறது. ‘இடமுகம்’, ‘இடப்பட்டை’ போன்ற பெயர்களை நான் ஏற்கமாட்டேன். வெளிப்புறத்தில் இடதாக இருப்பது உட்புறத்தில் வலதாகிவிடுகிறது. மேலும் வலமிருந்து இடமாக எழுதும் அரபு, உருது மொழிகளில் முகப்பு வெளிப்புறத்தின் இடது ஓரத்திலும் உள்ளே மடங்குவது வலது ஓரத்திலுமாக முழு அமைப்பும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிடும். உள்மடல் என்ற பெயர் அங்கும் மாறாமல் நிற்கும்.

‘முகம்’ என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ‘முகப்பு’ என்ற சொல்லோடு அது மிக அருகில் நிற்கிறது. ‘முகப்பு முகம்’ என்று எழுத நேர்ந்தால் வாசகர் தடுக்கிவிழுவார். ‘பலகம்’ என்று வைக்கலாமா?

வேதநாயகம்:

உள்மடல் எனக்கு உடன்பாடு, அச்சகத்தில் சொன்னாலும் உடனே புரியும். பலகம் வேண்டாம். அது கெட்டியான ஒரு பொருளை நினைவூட்டுகிறது. ஒரே தாளின் பகுதி என்ற எண்ணம் அதில் வரவில்லை. தாளை விசிறிபோல் முன்னும் பின்னுமாக மடிக்கும் முறையில் எந்தப் பட்டையும் மற்றதற்குள் அடங்காது, மூன்றும் 99 மி.மீ. ஆகவே இருக்கலாம். சிவகுரு தம்பியின் அளவு அங்கே பொருந்தும். அவ்வகைத் தாளுக்கு உள்மடல் என்ற சொல்லே தேவைப்படாது என்பதையும் கையேட்டில் குறித்துவிடுங்கள்.

சிவகுரு:

அளவைப் பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன். எண்ணைப் பற்றி முழுவதும் ஏற்க இயலவில்லை. பலர் முகப்பையும் உள்மடலையும் ஒரே வீச்சில் விரித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு உட்புறம் மூன்று முகங்களாகவே தெரிகிறது, உள்மடலின் வெளிப்புறத்தை மூடும்போதுதான் கவனிக்கிறார்கள். பல ஆயத்த வார்ப்புருக்களிலும் உட்புறத்துக்கு 2, 3, 4 என்றே எண் இருக்கக் கண்டிருக்கிறேன். வாசிப்பு வரிசை ஒன்றே ஒன்றுதான் என்று கையேடு உறுதியாகச் சொல்லக்கூடாது.

மங்கை:

அனைவருக்கும் நன்றி. ‘தாள்வரிசை’, ‘வாசிப்பு வரிசை’, ‘உள்மடல்’ ஆகிய மூன்றையும் கையேட்டில் சேர்க்கிறேன், ‘மடிப்பு வரிசை’யை மடிப்புகளுக்கே ஒதுக்குகிறேன். எண்களைப் பொறுத்தவரை 3, 6, 1 மற்றும் 2, 4, 5 என்ற முறையைப் படத்தில் காட்டி, மென்பொருளின் வார்ப்புரு வேறு எண்களைத் தரக்கூடும் என்ற குறிப்பையும் இணைக்கிறேன். இரண்டு முறைகளிலும் செயல்முறையை நடுமுகத்திலும் வலமுகத்திலும் அடக்கிவிட்டால் வாசகர் எப்படித் திறந்தாலும் தொடர்ச்சி கெடாது என்பதால், சிவகுரு அவர்களின் மறுப்புக்கும் அது இடம் தருகிறது. அச்சுக்கு அனுப்பும் முன் வெற்றுத்தாள் ஒன்றை மடித்து, மடித்த நிலையிலேயே பென்சிலால் ஒவ்வொரு முகத்திலும் எண்ணிட்டு, பிறகு விரித்துக் கோப்போடு ஒப்பிட வேண்டும் என்ற ஒரு பத்தியையும் எழுதியிருக்கிறேன். முகமா பலகமா என்பது மட்டும் நிற்கிறது. வேறு சொல் தோன்றுபவர்கள் தெரிவியுங்கள், அதுவரை வரைவில் ‘முகம்’ என்றே இருக்கும், முகப்பை ‘முன்னட்டை’ என்று மாற்றிக்கொள்கிறேன்.