50 சொல்லைத் தாண்டிய நோட்டீசுக்கு மார்க் குறைக்கலாமா?

வகுப்பு12_ஆங்கிலம்
சிபிஎஸ்இ 12ஆம் வகுப்பு அரையாண்டுத் தாள் திருத்துகிறேன். நோட்டீஸ், 50 சொல், 4 மார்க். சூழல் மன்றச் செயலாளராக, துணிப்பை தைக்கும் பயிற்சி பற்றி 9 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவிக்க வேண்டும். முதல் தாளில் மொத்தம் 71 சொல், விவரம் எல்லாம் இருக்கிறது, பெட்டி போடவில்லை. இரண்டாவது தாளில் 48 சொல்தான், பெட்டி அழகு, ஆனால் நேரம் இல்லை, இடம் 'பள்ளியில்' என்று மட்டும் இருக்கிறது. எதற்கு எவ்வளவு போடுவீர்கள்?

சிவப்பு_மை
யோசிக்கவே வேண்டாம். 50 என்று கேட்டு 71 எழுதினால் 1 மார்க் போச்சு. பெட்டி இல்லாததற்கு அரை. முதல் தாளுக்கு 2.5. இரண்டாவதில் நேரம் விட்டதற்கு அரை மட்டும், 3.5. கேட்ட அளவில் எழுதுவதும் ஒரு திறமைதான். அதைத்தான் அந்த எண் சோதிக்கிறது.

நெல்லை_டீச்சர்
சிவப்பு மை சார், அந்த 1 மார்க்கை எந்தத் தலைப்பில் குறைத்தீர்கள்? 4 மார்க்கும் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்ததுதான்: அமைப்புக்கு 1, உள்ளடக்கத்துக்கு 2, எழுத்துப்பிழை இலக்கணத்துக்கு 1. சொல் எண்ணிக்கைக்கு என்று தனி வரி கிடையாது. தாளின் ஓரத்தில் 'வேர்ட் லிமிட் –1' என்று எழுதினால், அந்த மாணவி உள்ளடக்கத்தில் இழந்தாளா, மொழியில் இழந்தாளா என்று அவளுக்கே புரியாது.

பெட்டி விஷயமும் அப்படித்தான். பெட்டிக்குள் எழுதினாலும் வெளியே எழுதினாலும் மார்க் குறைக்கக் கூடாது என்று சிபிஎஸ்இ விடைத்திட்டங்களிலேயே போட்டிருக்கிறார்கள். அமைப்பு என்று அவை கேட்பது நோட்டீஸ் என்ற சொல் அல்லது தலைப்பு, தேதி, எழுதியவர் பெயரும் பொறுப்பும். நாம் வகுப்பில் பெட்டி போடச் சொல்லிப் பழக்குவது நல்லதுதான், பார்வைக்கு அடக்கமாக இருக்கும். அதற்காக அரை மார்க்கைப் பிடுங்க முடியாது.

மேடம், அந்த 71ஐ எப்படி எண்ணினீர்கள்? பள்ளிப் பெயரிலிருந்தா?

வகுப்பு12_ஆங்கிலம்
ஆமாம், பள்ளிப் பெயர் முதல் கீழே 'செக்ரட்டரி, ஈகோ கிளப்' வரை. மேலே பள்ளிப் பெயர் 4 சொல், நோட்டீஸ் 1, தேதி 3, தலைப்பு 5. கீழே பெயரும் பொறுப்பும் 4. ஆக 17.

உடல் பகுதி 'ஆல் த ஸ்டூடண்ட்ஸ் ஆஃப் அவர் ஸ்கூல் ஆர் ஹியர்பை இன்ஃபார்ம்ட் தட்' என்று தொடங்குகிறது. பிறகு ஆகஸ்ட் 22, ஓவிய அறை, பிற்பகல் 2 முதல் 4 வரை, 9 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்கள் ஆகஸ்ட் 18க்குள் பெயர் கொடுக்கலாம், பழைய பருத்தித் துணி கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். இலக்கணப் பிழை எதுவும் கண்ணில் படவில்லை.

நெல்லை_டீச்சர்
அப்படியானால் உடல் பகுதி 54 சொல். 4 சொல் கூடுதல், அதற்கு நான் எதுவும் குறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தத் தொடக்கத்தைச் சும்மா விட முடியாது. எண்ணிப் பாருங்கள், சரியாக 10 சொல். அதை வெட்டிவிட்டு 'த ஈகோ கிளப் இஸ் ஆர்கனைசிங்' என்று நேராகத் தொடங்கியிருந்தால் மொத்த உடலும் 44 சொல்லில் முடிந்திருக்கும், ஒரு விவரமும் போயிருக்காது. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. 'பள்ளி மாணவர்கள் அனைவருக்கும்' என்று அழைத்துவிட்டு, நான்கு வரி தள்ளி 9 முதல் 12 வரை என்கிறாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல் வரியைப் படித்ததும் தனக்கும் உண்டு என்று நினைக்கும். 'யாருக்கு' என்ற விவரம் ஒரே நோட்டீசில் இரண்டு விதமாக வந்துவிட்டது. உள்ளடக்கத்தில் அரை மார்க் குறைய அது நியாயமான காரணம்.

சிவப்பு_மை
பெட்டி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கை பற்றி ஒப்புக்கொள்ள மாட்டேன். '50 சொற்களில் நோட்டீஸ் எழுதுக' என்றால் நோட்டீஸ் முழுவதும் என்றுதான் பொருள், உடல் மட்டும் என்று யார் சொன்னது? அடுத்தது, எவ்வளவு எழுதினாலும் குறைக்க மாட்டோம் என்றால் அடுத்த தேர்வில் 120 சொல் எழுதிக் கொண்டுவருவார்கள். பிறகு 50 என்று அச்சடிப்பது எதற்கு?

நெல்லை_டீச்சர்
தலைப்பகுதியையும் சேர்த்து எண்ணினால் இந்த மாணவிக்கு உடலுக்கு மிஞ்சுவது 33 சொல். என்ன, எப்போது, எங்கே, யாருக்கு, எந்தத் தேதிக்குள், என்ன கொண்டுவர வேண்டும் என்ற ஆறையும் முழு வாக்கியங்களில் 33 சொல்லில் அடக்குவது பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கடினம். பள்ளிப் பெயர் நீளமாக இருந்தால் இன்னும் குறையும். அதனால்தான் பல ஆசிரியர்கள் உடலை மட்டும் எண்ணுகிறார்கள். எப்படி எண்ணினாலும் தேர்வுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், திருத்தும்போது முடிவு செய்யக் கூடாது.

120 பற்றிச் சொன்னது சரி. அந்த நீளத்தில் எழுதியது நோட்டீசே இல்லை, அறிக்கை. பலகைக்கு முன்னால் நின்று படிப்பவருக்குத் தேதி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அப்படி ஒரு தாள் வந்தால் நானும் குறைப்பேன். 54க்கும் 60க்கும் குறைக்க மாட்டேன் என்பதுதான் என் வாதம்.

பத்தாம்வகுப்பு_அப்பா
என் மகள் மாநிலப் பாடத்திட்டம், 10ஆம் வகுப்பு. குறிப்புகளைக் கொடுத்து விளம்பரம் தயாரிக்கச் சொல்லி 5 மார்க் கேள்வி வந்தது. ஆடித் தள்ளுபடி, வீட்டு உபயோகப் பொருள், கடைப் பெயர், தெரு எல்லாம் எழுதிப் பூ வேலைப்பாட்டோடு வரைந்திருந்தாள். 3 மார்க்தான். இவளுக்கும் சொல் கூடியதுதான் காரணமா?

பேனாமுனை
அது வேறு கேள்வி ஐயா. அந்த விளம்பரக் கேள்வியில் சொல் வரம்பே போடுவதில்லை. கொடுத்த குறிப்பு ஒவ்வொன்றும் விளம்பரத்தில் வந்திருக்கிறதா என்று ஒன்றொன்றாக டிக் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் விடுபடுவது தள்ளுபடி விகிதமும் முகவரியின் ஒரு பகுதியும்தான். குறிப்பில் 20 முதல் 50 விழுக்காடு என்று இருந்து, பிள்ளை வெறும் 'பெரும் தள்ளுபடி' என்று எழுதியிருந்தால் அது விடுபட்டதாகத்தான் கணக்கு. பூ வரைவதற்கு மார்க் இல்லை. கடைப் பெயர் பெரிய எழுத்தில், சலுகை நடுவில், முகவரி அடியில் என்று கண் ஓடும் வரிசையில் இருக்கிறதா என்பதுதான் அமைப்பு. குறிப்புகளை அப்படியே வரிசையாகக் காப்பி எடுத்து வைத்திருந்தாலும் குறைப்பார்கள், 'தயாரி' என்று கேட்டதால்.

நோட்டீசுக்கு வருகிறேன். முழு வாக்கியம் எதற்கு? 'ஆகஸ்ட் 22, பிற்பகல் 2 மணி, ஓவிய அறை' என்று துண்டு துண்டாகப் போட்டால் 33 சொல்லே தாராளம். 11ஆம் வகுப்பு வரி விளம்பரத்தில் அப்படித்தானே எழுதச் சொல்லித் தருகிறோம்?

நெல்லை_டீச்சர்
வரி விளம்பரத்துக்கு நாளிதழில் சொல் கணக்கில் அல்லது வரி கணக்கில் காசு. அதனால் 'வாடகைக்கு, இரு படுக்கையறை, முதல் மாடி, அழைக்கவும்' என்று எழுதுவது அங்கே சரியான நடை. முழு வாக்கியம் எழுதினால்தான் தவறு. நோட்டீஸ் ஒரு பொறுப்பாளர் தன் மாணவர்களிடம் பேசுவது, அங்கே வாக்கியம் வேண்டும். ஆனால் தேதி, நேரம், இடம் மூன்றையும் நடுவில் தனித்தனி வரியாகப் போட்டு, மேலும் கீழும் வாக்கியம் வைத்தால் நான் முழு மார்க் தருவேன். பார்த்ததும் கண்ணில் படும், சொல்லும் மிச்சம்.

வகுப்பு12_ஆங்கிலம்
இரண்டாவது தாளை யாரும் சரியாகப் பார்க்கவில்லையே. தலைப்பகுதி அதிலும் 17 சொல், உடல் 31தான். கடைசி வரி 'ஃபார் ஃபர்தர் டீடெயில்ஸ் காண்டாக்ட் தி அண்டர்சைன்ட்'. நேரம் தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த மாணவன் வாதாடுகிறான்.

நெல்லை_டீச்சர்
அந்த வரி விவரத்துக்குப் பதிலாகாது. நேரமும் இடமும் எழுதப்பட்ட பிறகு, கூடுதலாகச் சந்தேகம் உள்ளவருக்காகத்தான் அது. இங்கே நோட்டீசைப் படித்த ஒவ்வொருவரும் அவனைத் தேடிப் போக வேண்டும், நோட்டீஸ் ஒட்டியதே அதைத் தவிர்க்கத்தான். எழுதச் சொல் போதாமலும் இல்லை. உடலில் 19 சொல் மிச்சம் வைத்திருக்கிறான். 'ஃப்ரம் 2 பி.எம். டு 4 பி.எம். இன் த ஆர்ட் ரூம்' என்று எழுத 10 சொல் போதும். உள்ளடக்கம் 2க்கு 1.

சிவப்பு_மை
நேரத்துக்கு அரை, இடத்துக்கு அரை என்றால் 1 குறைவது சரிதான், என் 3.5ஐ 3 ஆக்கிக்கொள்கிறேன். ஆனால் 'பள்ளியில்' என்று எழுதியதை முழுத் தவறு என்று எடுப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 20 அறை இருக்கும் சிறிய பள்ளியில் அது பாதி விடையாவது ஆகும்.

இன்னொன்று கேட்கிறேன் டீச்சர். முன்பு மூன்றாவது தலைப்பு 'எக்ஸ்பிரஷன்' என்று இருந்தது. வளவளவென்று எழுதினால் அதில் அரை குறைக்கலாம். இப்போது எழுத்துப்பிழையும் இலக்கணமும் மட்டும்தான். 'ஹியர்பை இன்ஃபார்ம்ட் தட்' இலக்கணப்படி சரி. பிறகு 120 சொல் எழுதியவனிடம் எந்தத் தலைப்பில் குறைப்பீர்கள்?

நெல்லை_டீச்சர்
நியாயமான கேள்வி சார். இந்த முதல் தாளில் அந்தத் தொடர் விவரத்தைக் குழப்பியது, அதனால் உள்ளடக்கத்தில் குறைக்க வழி கிடைத்தது. அதே தவறுக்கு மொழியிலும் குறைத்தால் இரட்டைத் தண்டனை, அது கூடாது. விவரம் எதுவும் கெடாமல் நீளம் மட்டும் கூடிய 120 சொல் தாளுக்கு, அது நோட்டீஸ் வடிவத்தில் இல்லை என்று அமைப்பில் குறைப்பேன். அந்தத் தலைப்பில் பெயரும் தேதியும் தலைப்பும் சரியாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால், என்னிடம் இறுக்கமான பதில் இல்லை.

பேனாமுனை
அமைப்பில் குறைப்பதை நான் ஏற்க மாட்டேன். அங்கே உள்ளவை எண்ணிப் பார்க்கக்கூடியவை, இருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. நீளத்தை அதற்குள் நுழைத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் திருத்துவார்கள்.

வகுப்பு12_ஆங்கிலம்
முதல் தாளுக்கு அமைப்பு 1, உள்ளடக்கம் 1.5, மொழி 1, ஆக 3.5. இரண்டாவதற்கு 1, 1, 1, ஆக 3. ஓரத்தில் '9–12 அல்லது அனைவரும்?' என்றும் 'நேரம்? அறை?' என்றும் எழுதிவிட்டேன். இந்தத் தாள்கட்டுக்குள் 60 சொல்லுக்கு மேல் போன தாள் இன்னும் நான்கு இருக்கிறது, அவற்றை உடல் மட்டும் திரும்ப எண்ணிவிட்டு வருகிறேன்.