அவசரம்: ஆறு வீடு, 9 மணிக்குக் கிளம்பியும் 1 மணிக்குள் முடியவில்லை

புதுத்தடம்
வணக்கம். சமூக சுகாதாரப் பணியாளராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. காலையில் ஆறு வீடு பார்க்க வேண்டும். வீட்டுக்கு 20 நிமிடம் வைத்தால் மொத்தம் 2 மணி நேரம்தான் வருகிறது. வீடுகளும் பக்கம் பக்கம்தான். கிட்ட இருக்கிற வீட்டில் தொடங்கி, அங்கிருந்து எது கிட்டவோ அதற்குப் போகிறேன். அப்படியும் மையத்துக்குத் திரும்ப ஒன்றேகால், ஒன்றரை ஆகிவிடுகிறது. ஒரு மணிக்குப் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். போதாததற்கு ஒரு வீட்டுக்கு மாலையில் மறுபடி ஓடுகிறேன். நாளைக்கும் இதே ஆறு வீடு. எந்த வரிசையில் போகலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

நடைக்கணக்கு
நடந்து போகிறீர்களா, சைக்கிளா? ஆறு வீட்டிலும் யார் யார், என்ன வேலை? அவர்கள் எப்போது வீட்டில் இருப்பார்கள்? இது தெரியாமல் வரிசை சொல்ல முடியாது.

வேகவழி
நான் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுபது இடம். முகவரிகளைச் செயலியில் போட்டால் குறைந்த தூர வரிசையை அதுவே போட்டுக் கொடுத்துவிடும். ஆறு வீட்டுக்கு இவ்வளவு யோசனையே வேண்டாம்.

மூத்தகளம்
இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவை வந்துவிடுகிறது. பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. "பக்கம் பக்கம்" என்பது கணக்கில் சேராது. "20 நிமிடம்" யார் கொடுத்த எண்? ஒரு நாளாவது கையில் கடிகாரம் கட்டி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எழுதினீர்களா? எழுதிவிட்டு வாருங்கள், பேசலாம்.

வேகவழி, பார்சலை வாசலில் வைத்துவிட்டு வரலாம். பச்சிளம் குழந்தையின் எடையை வாசலில் வைத்துவிட்டு வர முடியாது.

புதுத்தடம்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். நடைதான். நேற்று மணி பார்த்து எழுதியது இது:

க – பிறந்த குழந்தை, நாளை மூன்றாம் நாள். 45 நிமிடம்.
ச – காசநோய்க்கு மாத்திரை எடுப்பவர். 10 நிமிடம். 9:45க்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.
ட – காலில் புண், கட்டு மாற்ற 25.
த – கர்ப்பிணி, 20. காலையில் வெளி வேலைக்குப் போய் 11:30க்குத்தான் வருவார்.
ப – பெரியவர், ரத்த அழுத்தம் பார்க்க 20.
ம – எடை குறைந்த குழந்தை, 15.

மையத்திலிருந்து ப 5 நிமிடம், ம 9, ச 14. ப–ம 6, ம–ச 8, ப–ச 12. க, ட, த மூன்றும் ஓடைக்கு அந்தப் பக்கம். நடைபாலம் வழியாக ச–க 15. க–ட 10, க–த 7, ட–த 8. த–ம 20, த–மையம் 25.

நடைக்கணக்கு
இதுதான் வேண்டியிருந்தது, நன்றி. வரிசைக்கு முன்னால் கூட்டிப் பார்ப்போம். வீட்டுக்குள் இருக்கும் நேரம் மட்டும் 135 நிமிடம், நீங்கள் நினைத்த 120 இல்லை. கை கழுவுவது, பையைத் திறந்து மூடுவது, பதிவேட்டில் எழுதுவது, "உட்காருங்க" என்று சொன்னால் உட்காருவது எல்லாமாக வீட்டுக்கு 5 நிமிடம் வையுங்கள். 165 ஆகிவிட்டது. 9 முதல் 1 வரை 240 நிமிடம்தான். ஆக நடைக்கும் காத்திருப்புக்கும் மிச்சம் 75.

இப்போது உங்கள் பழைய வரிசை. ப வீட்டுக்கு 9:05, வெளியே வர 9:30. ம வீட்டுக்கு 9:36, வெளியே வர 9:56. ச வீட்டுக்குப் போகும்போது மணி 10:04. அவர் கிளம்பி 19 நிமிடம் ஆகியிருக்கும். அங்கிருந்து க 10:19 முதல் 11:09 வரை. கிட்ட இருக்கிறதே என்று த வீட்டுக்குப் போனால் 11:16, வீட்டில் ஆள் இல்லை. ட வீட்டை 11:24 முதல் 11:54 வரை முடித்து, மறுபடி த வீட்டுக்கு 12:02. மையம் 12:52. தாளில் நேரம் இருக்கிற மாதிரித் தெரிகிறது, ஆனால் ச விடுபட்டுப் போயிருக்கிறார். க வீட்டில் 20 நிமிடம் கூடினால் 1:12. உங்கள் ஒன்றேகால் அதுதான். மாலை ஓட்டம் ச வீட்டுக்கு. சரிதானே?

புதுத்தடம்
ஆமாம் அக்கா, அப்படியேதான் நடக்கிறது.

வேகவழி
சரி, நேரக் கட்டுப்பாடு இருப்பது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் ப வீட்டை முதலில் முடித்துவிட்டு நேராக ச வீட்டுக்குப் போகலாமே. 9:30க்கு வெளியே வந்தால் 9:42க்கு அங்கே. 9:45க்குத்தானே கிளம்புகிறார்?

மூத்தகளம்
10 நிமிட வேலைக்கு 3 நிமிடம் வைத்திருக்கிறீர்கள். பெரியவர் முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை பேசினால் அந்த 3 நிமிடமும் போச்சு. நேரம் குறித்த வீட்டை முதலில் நட்டுவையுங்கள், மற்றதை அதற்கு நடுவில் நிரப்புங்கள். ச, க, ட, த, ம, ப, மையம். நடை 14+15+10+8+20+6+5, மொத்தம் 78. 165ஐச் சேர்த்தால் 243. ஒரு மணிக்கு 3 நிமிடம் கூட. ஆக ஆறு வீடு கொள்ளாது. எந்த வரிசை போட்டாலும் கொள்ளாது. ப வீட்டை நாளை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். மையத்துக்கு 5 நிமிடத்தில் இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் நுழைக்கலாம். அவர் இல்லாமல் 216 நிமிடம், 12:36க்கு மையம். முடிந்தது.

நடைக்கணக்கு
வரிசை சரி. 12:36 சரியில்லை. க 9:44 முதல் 10:34, ட 10:44 முதல் 11:14. த வீட்டுக்கு 11:22க்கே போய்விடுகிறார், அந்தப் பெண் வருவது 11:30. அந்த 8 நிமிடம் உங்கள் கூட்டலில் இல்லை. த 11:55 வரை, ம 12:15 முதல் 12:35, மையம் 12:44. ப வீட்டையும் சேர்த்திருந்தால் 1:11 ஆகியிருக்கும், 1:03 இல்லை.

ஆனால் அந்த 8 நிமிடம் வீண் இல்லை. க, ட இரண்டு வீட்டுப் பதிவையும் அங்கே நின்று எழுதலாம். க வீட்டில் 20 நிமிடம் கூடினாலும் அதில் 8ஐ இந்தக் காத்திருப்பே விழுங்கிவிடும். மையத்துக்கு 12 நிமிடம்தான் தள்ளும், 12:56.

தினமும் போடுவதற்கு விரிதாளில் ஒரே சூத்திரம் போதும். 9 மணியை 0 என்று வைத்து நிமிடமாக எண்ணுங்கள். A போய்ச் சேரும் நிமிடம், B ஆள் வீட்டுக்கு வரும் நிமிடம், C வீட்டில் ஆகும் நேரம் (அந்த 5ஐயும் சேர்த்து), D அடுத்த வீட்டுக்கு நடை. A3இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=MAX(A2,B2)+C2+D2
```

எப்போதும் வீட்டில் இருப்பவர் என்றால் Bயைக் காலியாக விடலாம்.

மூத்தகளம்
காத்திருப்பு விட்டுப்போனது என் தவறுதான். திருத்திக்கொள்கிறேன்.

தாய்சேய்
எல்லோரும் நிமிடத்தையே பார்க்கிறீர்கள். காசநோய் வீட்டிலிருந்து நேராகப் பிறந்த குழந்தை வீட்டுக்கா? எங்களுக்குச் சொல்லித் தந்தது குழந்தை முதலில், தொற்று உள்ளவர் கடைசியில் என்றுதான். இந்த வரிசையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூத்தகளம்
காசநோய் காற்றில் பரவுகிறது. இருமும்போது வருகிறது. உங்கள் சேலையிலோ பையிலோ ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வராது. அவர் எத்தனை நாளாக மாத்திரை எடுக்கிறார் என்று கேட்டீர்களா? சரியான மருந்து தொடங்கிச் சில வாரத்திலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

தாய்சேய்
மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக இருந்தால்? மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவராக இருந்தால்? பார்க்கப் போவதே அதற்காகத்தானே.

நடைக்கணக்கு
தாய்சேய் சொல்வதில் பாதி சரி. மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் வரிசையையே மாற்ற வேண்டும். எனக்கு ச வீட்டைவிட ட வீடுதான் கவலை. சீழ் வைத்த புண்ணைத் தொட்ட கை அடுத்த வீட்டுக்கு வருகிறது. இந்த வரிசையில் க முதலில், ட பிறகு. அது நல்லதுதான். ஆனால் ட முடித்ததும் கர்ப்பிணி வீடு. அங்கே கை சுத்தம் அரைகுறையாக இருக்கக் கூடாது. புதுத்தடம், ச எத்தனை மாதமாக மாத்திரை எடுக்கிறார்?

புதுத்தடம்
நாலாவது மாதம். ஒருநாள்கூட விட்டதில்லை, கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. திண்ணையில் உட்கார்ந்துதான் பேசுவோம், உள்ளே போவதில்லை.

தாய்சேய்
அப்படியென்றால் நாளைக்குச் சரி. பொதுவிதியாக நான் ஏற்கவில்லை. முடிந்த நாளெல்லாம் குழந்தையை முதலில் வையுங்கள்.

வேகவழி
ஒரு சந்தேகம். ச–க 15 நிமிடம் என்பது செயலி காட்டியதா, நடந்து பார்த்ததா? எனக்குச் செயலி வண்டிச் சாலையைச் சுற்றித்தான் காட்டும், நடைபாலம் அதில் இருக்காது.

புதுத்தடம்
நடந்து பார்த்ததுதான். செயலி 40 காட்டியது.

மூத்தகளம்
அப்படித்தான் இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது, மூச்சு வேகமாக இருக்கிறது என்றால் கணக்கையெல்லாம் மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்கு அனுப்பும் வேலையைப் பாருங்கள். அன்றைக்கு யாரை விடுவது என்பதை இன்றைக்கே எழுதிவையுங்கள். நானாக இருந்தால் முதலில் ம. அந்த வீட்டுக்குப் போன் பண்ணி மறுநாளுக்கு மாற்றலாம். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதைத் தள்ள முடியாது.

தாய்சேய்
எடை குறைந்த குழந்தையைத் தள்ளலாமா? போன வாரத்தைவிட எடை இறங்கியிருந்தால்? விடுவதானால் த வீட்டை விடுவேன், மாதக் கணக்கில் பார்க்கிற வீடுதானே.

மூத்தகளம்
எத்தனையாவது மாதம் என்று தெரியாமல் கர்ப்பிணியை விடச் சொல்லாதீர்கள்.

புதுத்தடம்
இன்று அந்த வரிசையில் போனேன். ச 9:14க்குக் கிடைத்தார். க வீட்டில் குழந்தை மார்பைச் சரியாகப் பிடிக்கவில்லை. அம்மாவை உட்கார வைத்து, குழந்தையின் வாய் நன்றாகத் திறக்கும் வரை காத்திருந்து பிடிக்க வைத்தேன். அதற்கே 20 நிமிடம் கூடிவிட்டது. கடைசியில் குடித்தது, விழுங்கும் சத்தம் கேட்டது. மையத்துக்கு 12:57. ப நாளைக்கு. த எட்டாம் மாதம், அதனால் அவரை விட முடியாது. எல்லோருக்கும் நன்றி, பதிவேடு எழுத வேண்டும்.

நடைக்கணக்கு
மகிழ்ச்சி. க வீட்டுக்கு இனிமேல் 65 என்றே போடுங்கள். மழை நாளில் நடைபாலம் மூடிவிடுமா? மூடினால் ச–க நடை எவ்வளவு ஆகும் என்று பார்த்தீர்களா?