டெப்த் ப்ரீபாஸ் போட்டதும் காற்றில் ஆடும் இலைகள் மினுங்குகின்றன

யூனிட்டி 2022.3, யூஆர்பி ஃபார்வர்ட், ஓப்பன்ஜிஎல் ஈஎஸ் 3, நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன். அடர்ந்த காட்டுக் காட்சி. இலைகளுக்கு ஆல்ஃபா கிளிப், நடுவே புகை. ரெசொல்யூஷனைப் பாதியாக்கினால் ஃப்ரேம் நேரம் சட்டென்று குறைகிறது. அதாவது பிக்சல் வேலைதான் சுமை.

புகைக்கு ப்ரீபாஸ் உதவாது, அது ஆழம் எழுதுவதே இல்லை. அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த 12 அடுக்குகளை 4 ஆக்கி, டெக்ஸ்சரை அடர்த்தியாக்கினேன். சதுரத்தின் வெற்று மூலைகளையும் வெட்டிவிட்டேன். அந்தப் பக்கம் சரி.

இலைகளுக்கு `Depth Priming Mode`-ஐ `Forced` ஆக்கினேன், எம்எஸ்ஏஏ அணைத்தாயிற்று. வெர்டெக்ஸ் வேலை இரட்டித்தாலும், ஆழத்தைச் சேமித்து மறுபடி படிக்கும் செலவு இருந்தாலும், மொத்தத்தில் லாபம்தான். ஆனால் அன்றிலிருந்து இலைகளில் சின்னச் சின்ன ஓட்டைகள் வந்து வந்து மறைகின்றன. எடிட்டரில் வருவதில்லை, போனில் மட்டும்தான்.

காற்று அசைவை நிறுத்தினால் மினுக்கம் போய்விடுகிறது. காற்றுக் கணக்கு `DepthOnly` பாஸிலும் முதன்மை பாஸிலும் ஒரே ஃபங்ஷன்தான். `half` எல்லாவற்றையும் `float` ஆக்கியும் பார்த்தேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை. கம்பைலர் இரண்டு பாஸையும் தனித்தனியாகச் சுருக்கும்போது கடைசி பிட்டில் வித்தியாசம் வந்து, `ZTest Equal` அந்தப் பிக்சலைத் தள்ளிவிடுகிறது என்று சந்தேகம். `LEqual` ஆக்கினாலும் பின்னால் விழும் பிக்சல்கள் போகத்தான் செய்கின்றன.

யூஆர்பியில் கையால் எழுதிய எச்எல்எஸ்எல் ஷேடரில், இரண்டு பாஸிலும் ஆழம் பிட் மாறாமல் ஒன்றாகவே வர என்ன செய்வீர்கள்?