பகிர்ந்து வரும் வாழ்த்துப் படத்துக்குக் குழுவிலேயே பதில் போட வேண்டுமா?

லயத்துப்பிள்ளை:
சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டத்து மக்களுக்கு WhatsApp புலனத்தில் ஒரு குழு இருக்கிறது, 186 பேர். விடியற்காலை ஐந்தரைக்கே பூப்படம், சாமி படம், "இனிய காலை வணக்கம்" எல்லாம் வர ஆரம்பித்துவிடும். பதில் போடாவிட்டால் "பட்டணம் போனதும் பெரிய ஆளாயிட்டான்" என்கிறார்கள். போட்டால் குழு நிரம்புகிறது என்று வேறு சிலர் கோபப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் மனம் நோகாமல் எப்படிப் பதில் சொல்வது?

செம்பனைநிழல்:
தம்பி, இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. குழுவின் பெயரைத் தட்டி Mute போட்டு Always என்று வை, முடிந்தது. அனுப்பியவர் தானாக எழுதிய வாழ்த்தா அது? எங்கிருந்தோ வந்த படத்தை ஒரே அழுத்தில் எல்லாருக்கும் தள்ளிவிட்டார், உன்னை நினைத்து அனுப்பவில்லை. நினைக்காமல் வந்ததற்கு நினைத்துப் பதில் எழுத வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது.

பெரட்டுமணி:
செம்பனை சொல்வதில் பாதி சரி. Mute போட்டால் உங்கள் போனில் சத்தம் நிற்கும், குழுவில் குவிவது நிற்காது. அந்தக் குவியலால் என்ன ஆகும் என்று எங்கள் குழுவில் கண்ணால் பார்த்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் பழைய லயத்தில் ஒரு பெரியம்மா தவறிவிட்டார். மறுநாள் மாலை நான்கு மணிக்கு எடுப்பதாக முதலில் செய்தி போட்டார்கள். பண்டிகை நாள், சுடுகாட்டில் ஆள் கிடைக்காது என்று காலை ஏழரைக்கு நேரத்தை இரண்டு மணிக்கு மாற்றி இன்னொரு செய்தி போட்டார்கள். அதற்குக் கீழே ஒருவர் விளக்குப் படம் போட்டார், அதற்கு ஒருவர் இன்னொரு விளக்குப் படத்தால் பதில் சொன்னார், ஒன்பது மணிக்குள் எழுபது எண்பது படம் வந்துவிட்டது. பெரியம்மாவின் சொந்தத் தம்பி மகன் ஜொகூரிலிருந்து காரில் வந்தான், நான்கு மணி என்றே நினைத்து மூன்றேகாலுக்கு வந்து இறங்கினான். முகம் பார்க்க முடியவில்லை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை மேலே தள்ளித் தள்ளி அந்தச் செய்தியைத் தேடிக்கொண்டிருந்தான். அவனும் Mute போட்டவன்தான்.

லயத்துப்பிள்ளை, உங்கள் கணக்கைப் பாருங்கள். 186 பேர் குழுவில் நீங்கள் "வணக்கம் மாமா" என்று எழுதினால் அது 185 போனுக்குப் போகிறது. ஐம்பது பேர் அப்படி எழுதினால் 9,250 தடவை. அதில் உண்மையாகப் போக வேண்டிய இடம் அந்த மாமாவின் போன் ஒன்றுதான்.

அதனால் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், சின்னங்கள் ஒரு வரிசையாக வரும், அதில் 🙏 தட்டுங்கள். 2022 மே மாதத்திலிருந்து இந்த வசதி இருக்கிறது. அது படத்தின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும், குழுவில் புது வரியாக இறங்காது, அறிவிப்பு போவதும் படம் போட்டவருக்கு மட்டும்தான். அவர் மூன்று படம் வரிசையாகப் போட்டிருந்தால் கடைசிப் படத்துக்கு ஒன்று போதும்.

டீச்சரம்மா:
நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, இந்தப் படங்களை நானும் அனுப்புகிறேன், ஆகவே எனக்கும் பேச உரிமை உண்டு. பெரட்டுமணி சொன்ன சாவு வீட்டு விஷயம் மனத்தை வருத்துகிறது. ஆனால் எழுபது வயதுக்காரர் கண்ணுக்கு அந்தக் குட்டிச் சின்னம் தெரியுமா? எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கிற ஆட்கள் அவர்கள். "படம் போட்டேன், ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை" என்றுதான் நினைப்பார்கள். ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு சொல்தான் மரியாதை.

இன்னொன்று, செம்பனைநிழல் "நினைக்காமல் அனுப்புகிறார்கள்" என்று சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் தாமானில் தனியாக இருக்கிற ஒரு தாத்தா தினமும் முருகன் படம் போடுவார். இரண்டு நாள் படம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பிப் பார்த்தால் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்திருக்கிறார். அந்தப் படம் அவருக்குப் பெரட்டு மாதிரி. காலையில் பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பார்களே, அதுதான்.

கித்தாக்காடு:
என் பிரச்சினையும் இதேதான். என் போன் நிரம்பிவிட்டது, பேரப்பிள்ளை படம் எடுக்கக்கூட இடமில்லை என்று சொல்கிறது, எல்லாம் இந்தப் பூப்படத்தால். பதில் போடாமல் இருந்தால் படம் இறங்காதா?

பெரட்டுமணி:
அண்ணே, அது வேறு விஷயம். பதில் போட்டாலும் போடாவிட்டாலும் படம் இறங்கும். Settings போய் Storage and data, அதில் Media auto-download. அங்கே டேத்தாவுக்கும் வைஃபைக்கும் படம் என்ற குறியை எடுத்துவிடுங்கள், அப்புறம் நீங்கள் தட்டினால்தான் இறங்கும். ஏற்கெனவே வந்ததை Manage storage என்ற இடத்தில் குழு வாரியாகப் பார்த்து அழிக்கலாம், பேரப்பிள்ளை படம் ஏதும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

டீச்சர், பெரட்டு என்று சொன்னீர்களே, அதற்கு நான் தலை வணங்குகிறேன். ஒரே அழுத்தில் எல்லாருக்கும் தள்ளுகிறார்கள் என்பதும் சரியில்லை. படத்துக்கு மேல் இரட்டை அம்பு இருந்தால் அது பல கை மாறி வந்தது. அப்படிப்பட்டதை 2020 ஏப்ரலிலிருந்து ஒரு தடவைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். ஆறு குழுவுக்கு அனுப்புகிற பெரியவர் ஆறு தடவை உட்கார்ந்து அனுப்புகிறார். அந்த உழைப்பைச் சும்மா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் அவரவர் "இருக்கேன்" என்றார்கள், ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லாரும் திரும்ப வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, வெட்டுக்குப் போக வேண்டும். கண் தெரியாது என்ற குறைக்கு வழி உண்டு. என் மாமாவுக்கு நேரிலேயே காட்டிக் கொடுத்தேன். அடியில் இருக்கிற சின்னத்தைத் தட்டினால் யார் யார் போட்டார்கள் என்று பெயர் வரிசையாகத் திறக்கும். அன்று இருபத்து மூன்று பெயர் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார், "பார்றா, கிராணி வீட்டுப் பையன்கூடப் போட்டிருக்கான்" என்று சந்தோஷப்பட்டார். அதற்கு முன் எட்டு மாதமாக அவருக்கு அது தெரியாது. Notifications பக்கத்தில் Reaction notifications அணைந்து கிடந்தது, அதையும் போட்டு விட்டேன்.

செம்பனைநிழல்:
சரி, ஆறு தடவை உட்கார்ந்து அனுப்புகிறார் என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் தினமும் சின்னம் தட்டுவது சடங்காகிவிடாதா? நான் ஒரு நாள் மறந்தால் அதற்கும் கேள்வி வரும். என் யோசனை, நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று குழுவைப் பூட்டிவிடுங்கள். சாவுச் செய்தி மறையவே மறையாது.

டீச்சரம்மா:
பூட்டினால் அந்தத் தாத்தா எங்கே போய் "இருக்கேன்" என்பார்? இதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

பெரட்டுமணி:
எனக்கும் பூட்டுவதில் விருப்பமில்லை. சாவு, இரத்தம் தேவை, கோயில் கூட்டம் மாதிரிச் செய்தியைப் போட்டவுடன் அதை அழுத்திப் பிடித்து Pin கொடுங்கள், 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். எத்தனை படம் வந்தாலும் மேலே நிற்கும். நேரம் மாறினால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் குத்த வேண்டும், அதை மறந்தால் பழைய நேரமே மேலே நின்று இன்னும் மோசமாகிவிடும். சாவுச் செய்திக்கு 👍 போடாதீர்கள், 😂 அழுகிற முகம் என்று நினைத்துப் போட்டவர்களும் எங்கள் குழுவில் உண்டு, அந்தக் குடும்பம் நொந்துவிட்டது. அங்கே 🙏 மட்டும்.

சொல்லுக்குச் சொல் வேண்டும் என்று டீச்சர் கேட்பதைத் தனியாகச் செய்யலாம். படத்தை அழுத்திப் பிடித்து Reply privately கொடுத்தால் அதே படத்தைக் காட்டியே அவரோடு தனி உரையாடல் திறக்கும். அங்கே "மாமா, பசியாறிட்டீங்களா, கால் வீக்கம் வற்றிடுச்சா?" என்று எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போதும். இதையே குழுவில் கேட்டால் கால் வீக்கத்துக்கு இருபது பேர் மருந்து சொல்வார்கள்.

டீச்சரம்மா:
தனியாக எழுதுவது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் தன் வாசல் கோலத்தைப் படம் எடுத்துப் போட்டால்? பேரன் பரீட்சையில் தேறியதைப் போட்டால்? அது பகிர்ந்து வந்ததில்லை, அம்புக்குறி இருக்காது. அதற்குச் சபையில்தான் பாராட்ட வேண்டும், நான்கு பேர் முன்னால் சொன்னால்தான் அது பாராட்டு.

பெரட்டுமணி:
அதில் உங்கள் பக்கம்தான் டீச்சர். அம்பு இல்லாததற்கு எழுத்தில், குழுவிலேயே. பண்டிகை நாளிலும் வீட்டுக்கு ஒருவர், பத்து மணிக்கு மேல், எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரி, படம் சேர்க்காமல்.

டீச்சரம்மா:
பெயர் சொல்லாமல் "எல்லாருக்கும்" என்றால் அது நோட்டீஸ் மாதிரி இருக்கும். முதலில் வாழ்த்துச் சொன்னவர்களின் பெயரையாவது போட வேண்டும்.

செம்பனைநிழல்:
பெயர் போட்டால் விடுபட்டவர் கோபிப்பார் டீச்சர். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டு மூன்று வருடம் பேச்சில்லை.

லயத்துப்பிள்ளை:
நான்கு நாளாகச் செய்து பார்த்தேன். தினமும் போடுகிற பெரியப்பாவின் படத்துக்கு 🙏 தட்டினேன், முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் தனியாக எழுதினேன், "பெரியப்பா, படம் பார்த்தேன், மழையில் மோட்டார் சைக்கிளில் போகாதீங்க" என்று. ஐந்து நிமிடத்தில் போன் அடித்தார், அரை மணி நேரம் பேசினார், உடைத்த லயத்து மண்ணில் இன்னும் எங்கள் முருங்கை நிற்கிறதாம். மறுநாள் காலை பூப்படம் குழுவில் வரவில்லை, எனக்குத் தனியாக வந்தது. குழுவில் அவர் போடாததைப் பார்த்து இரண்டு பேர் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்கிறார்கள். இப்போது குழுவிலும் போடச் சொல்லவா, வேண்டாமா?

டீச்சரம்மா:
போடச் சொல் தம்பி. இன்றைக்கே சொல்.

பெரட்டுமணி:
அவரையே கேளுங்கள். அந்த இரண்டு பேரிடமும் அவர் நம்பரைக் கொடுத்துத் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.